கசிந்த வினாத்தாளை விலக்கி, பழைய வினாத்தாளைப் பழகும் முறை

இந்த அத்தியாயம் நீட் பரீட்சைக்குத் தாமாகவே பயிலும் மாணவருக்காக எழுதப்பட்டது. பரீட்சை நெருங்கும் வாரங்களில், "நாளைய தாள் கைவசம் இருக்கிறது" என்ற செய்தி டெலிகிராமிலோ வாட்ஸ்அப்பிலோ உங்களையும் வந்தடையலாம். அப்போது செய்ய வேண்டியது என்ன, செய்யலாகாதது என்ன, அந்தத் தாள் தருவதாகச் சொல்லும் பயிற்சியை நேர்மையான வழியில் பெறுவது எப்படி என்ற மூன்றையும் வரிசையாகப் பார்ப்போம்.

1. அநியாயம் எங்கே இருக்கிறது

நீட், தேர்ச்சி மதிப்பெண்ணை எட்டினால் போதும் என்கிற பரீட்சையன்று. தரவரிசையைக் கொண்டு இடம் வழங்கும் பரீட்சை. ஆகையால் ஒருவர் முறைகேடாகப் பெறும் ஒவ்வொரு மதிப்பெண்ணும், அவருக்குச் சற்று மேலே நின்ற முகமறியாத வேறொருவரைக் கீழே தள்ளியே அவருக்கு வந்து சேருகிறது. இந்த வரிசை எவ்வளவு நெருக்கமானது என்பதை 2024-ஆம் ஆண்டின் ஒரு விஷயம் தெளிவாகக் காட்டிற்று. அவ்வாண்டு இயற்பியலில் ஒரே ஒரு வினாவுக்கு இரண்டு விடைகளைச் சரியென ஏற்றிருந்தார்கள். உச்ச நீதிமன்றம் கேட்டுக்கொண்டபடி டெல்லி ஐ.ஐ.டி. வல்லுநர் மூவர் ஆராய்ந்து ஒன்றே சரி என்று சொன்னதும், நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் மதிப்பெண்ணில் ஐந்து குறைந்தது. அதே வினாவால் முழு மதிப்பெண்ணான 720-ஐ எட்டியிருந்த 44 பேர் அந்தச் சிகரத்திலிருந்து இறங்கினர். ஒரு வினாவே இத்தனை பேரின் இடத்தை மாற்றுமானால், முழுத் தாளையும் முன்கூட்டிப் பார்த்தவரால் நேரும் கேட்டை நீங்களே கணித்துக்கொள்ளலாம்.

கசிந்த தாளின் மதிப்பு முழுவதும் மற்றவர்கள் அதைப் பார்க்கவில்லை என்ற ஒன்றிலேயே அடங்கியிருக்கிறது. பயிற்சி என்ற வகையில் அதற்குத் தனிச் சிறப்பு எதுவும் இல்லை. சென்ற ஆண்டின் தாளில் இருக்கும் அதே பாடங்கள், அதே நான்கு விருப்பங்கள், அதே அளவு கடினம்தான் அதிலும் இருக்கும். பயிற்சிக்காகவே வாங்கினேன் என்று ஒருவர் சொன்னால், அந்தப் பயிற்சிக்கு வேண்டியது ஏற்கெனவே இலவசமாகக் கிடைக்கிறது என்பதே அவருக்கு உரிய பதில்.

2. அபாயம் எந்த வடிவில் வரும்

முதல் அபாயம், தாள் உண்மையானதாக இருந்தால் நேர்வது. 2024 மே 5 அன்று காலை ஜார்க்கண்டின் ஹசாரிபாக் நகரில் ஒரு பரீட்சை மையத்திலிருந்து தாள் களவாடப்பட்டு, பாட்னாவில் சில மாணவர்களிடம் விடைகளுடன் மனப்பாடத்துக்குத் தரப்பட்டது என்று விசாரணை கண்டது. பாட்னாவில் கிடைத்த பாதி எரிந்த தாளின் மீதிருந்த தனிக் குறியீட்டு எண்ணே புலனாய்வாளரை அந்த மையத்துக்கு வழிகாட்டிற்று. கைதானவர்களில் தரகர்களோடு பரீட்சை எழுதிய மாணவர்களும் இருந்தார்கள். ஜூலை 23 அன்று உச்ச நீதிமன்றம் பரீட்சையை முழுவதுமாக ரத்துச் செய்ய மறுத்தபோது, ஹசாரிபாக், பாட்னா மையங்களைச் சேர்ந்த 155 பேர் இந்த மோசடியால் பயனடைந்ததாகத் தெரிவதைக் குறிப்பிட்டதுடன், பயனடைந்தவர் என்று பிற்காலத்தில் தெரியவரும் எவரும் பெற்ற இடத்தைத் தம் உரிமையென்று கோர முடியாது என்றும் தீர்ப்பில் எழுதிவைத்தது. எனவே கல்லூரியில் சேர்ந்துவிட்டால் பயம் தீர்ந்தது என்று எண்ணுவதற்கு இடமே இல்லை.

2024 ஜூன் 21 முதல் அமலுக்கு வந்த மத்தியச் சட்டம், பொதுப் பரீட்சைகளில் முறைகேடு செய்வோருக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுவரை சிறையும் பத்து லட்சம் ரூபாய்வரை அபராதமும் விதிக்கிறது. குழுவாகக் கூடிச் செய்தால் ஐந்து முதல் பத்து ஆண்டுவரை சிறையும் குறைந்தது ஒரு கோடி ரூபாய் அபராதமும் உண்டு. பரீட்சை எழுதுகிற மாணவரைத் தண்டிப்பது இச்சட்டத்தின் உத்தேசமன்று. அவர் மீது பரீட்சை நடத்தும் அமைப்பின் விதிகளே பாயும். ஆயினும் தாளைப் பெற்றுக்கொண்டவர் அதை இன்னொருவருக்கு அனுப்பியோ, நண்பர்களிடம் பணம் திரட்டிக் கொடுத்தோ விட்டால், அவர் வெறும் பரீட்சார்த்தியாக நிற்பதில்லை, பரப்பியவராகவும் விசாரிக்கப்படக்கூடும்.

இரண்டாவது அபாயம், தாள் பொய்யாக இருந்தால் நேர்வது. உங்களை வந்தடையும் தாள் பெரும்பாலும் இந்த வகையாகவே இருக்கும். 2024 ஜூன் 18 அன்று நடந்த யூஜிசி நெட் பரீட்சை, தாள் டெலிகிராமில் முன்பே வெளிவந்தது என்ற தகவலால் மறுநாளே ரத்தாயிற்று. பின்னர் மத்தியப் புலனாய்வுத் துறை ஆராய்ந்தபோது, பரவிய படம் பரீட்சை நடந்த அன்று எடுக்கப்பட்டு, முன்னதாகவே வெளிவந்ததுபோல் தோன்றும்படி திருத்தப்பட்ட ஒன்று என்று தெரிந்தது. ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதிய பரீட்சையை ஒரு பொய்ப் படம் வீணாக்கிற்று. 2025-ஆம் ஆண்டு நீட் பரீட்சைக்கு முன்னர், தாள் இருப்பதாகப் பொய் சொல்லிய 106 டெலிகிராம் சேனல்களையும் 16 இன்ஸ்டாகிராம் சேனல்களையும் தேசியத் தேர்வு முகமை அடையாளம் கண்டு நடவடிக்கைக்கு அனுப்பிற்று.

பொய்த் தாளின் யுக்தியை அறிவது எப்படி

1. டெலிகிராமில் ஒரு செய்தியைப் பின்னால் திருத்தி, அதிலிருந்த படத்தையோ பி.டி.எஃப். கோப்பையோ மாற்றிவிட முடியும். அப்படி மாற்றினாலும் முதலில் இட்ட தேதியே மேலே நிற்கும். பரீட்சைக்கு முந்தைய நாள் ஏதோ ஒரு படத்தை இட்டு, பரீட்சை முடிந்தபின் உண்மைத் தாளை அதன் இடத்தில் வைத்து, "பார்த்தீர்களா, நேற்றே கொடுத்தோம்" என்று அடுத்த ஆண்டு மாணவருக்குக் காட்டுவதே இவர்களின் மூலதனம். தேதிக்கு அருகில் திருத்தப்பட்டதற்கான சிறு குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.
2. ஒரு பக்கத்தை மட்டும், அதுவும் பாதி மங்கலாகக் காட்டி, மீதிக்குப் பணம் கேட்பார்கள். அந்தப் பக்கம் பழைய ஆண்டுத் தாளிலிருந்தோ பயிற்சி மையத் தேர்விலிருந்தோ எடுக்கப்பட்டதாக இருக்கும்.
3. முன்பணம் தந்ததும், ஹால் டிக்கெட் எண், ஆதார் படம், ஓ.டி.பி. என்று ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்குவார்கள். தாள் என்பது தூண்டில். அவர்களுக்கு வேண்டியது இவைதான்.

3. தாள் கைக்கு வந்தால் செய்ய வேண்டிய வரிசை

1. கோப்பைத் திறக்க வேண்டாம். பணம் அனுப்ப வேண்டாம். உண்மையா என்று சோதிப்பதற்காகக்கூட நண்பருக்கு அனுப்ப வேண்டாம். மாணவர்கள் அதிகம் வழுக்கிவிழுவது இந்தக் கடைசி விஷயத்தில்தான்.
2. சேனலின் பெயர், அனுப்பியவரின் பயனர் பெயர் அல்லது எண், தேதி, பணம் கேட்ட வாசகம் ஆகியவை தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.
3. பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ அன்றே சொல்லுங்கள். மறைத்துவைத்த மாணவரும் பங்காளியும் விசாரிப்பவர் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரிவார்கள்.
4. `nta.ac.in` அல்லது `neet.nta.nic.in` தளத்தில் புகாருக்கென உள்ள பகுதியில் தெரிவியுங்கள். பணம் ஏற்கெனவே போயிருந்தால், தாமதமின்றி 1930 என்ற எண்ணை அழையுங்கள். அல்லது `cybercrime.gov.in` தளத்தில் பதியுங்கள்.
5. பிறகு அந்தக் குழுவிலிருந்து விலகுங்கள். சாட்சியம் எடுக்கும் முன்பே விலகினால் சாட்சியமும் உடன் போய்விடும். அதனால் இது கடைசிப் படி.

எச்சரிக்கை: கட்டணம் வாங்கும் பயிற்சி மையங்களின் மாதிரித் தேர்வுத் தாள்கள் அனுமதியின்றிப் பகிரப்படுவதும் இதே இனத்தைச் சேர்ந்தது. அதில் மற்றொரு தீமையும் உண்டு. வாரத் தேர்வின் தாளை முந்தைய இரவில் பார்த்துவிட்டு எழுதினால், உங்கள் பலவீனம் எங்கே என்று காட்டுவதற்காகவே ஏற்பட்ட அந்த மதிப்பெண் உங்களுக்கே பொய் சொல்லும்.

4. நேர்மையான மாற்று: அதிகாரபூர்வமான பழைய தாள்

நீட் எழுதுபவர் வினாப் புத்தகத்தைத் தம்முடன் எடுத்துச் செல்ல அனுமதி உண்டு. ஆகவே நினைவிலிருந்து தொகுத்த தாள்கள் என்ற பெயரில் விற்கப்படுபவற்றுக்கு இப்பரீட்சையில் அவசியமே இல்லை; உண்மைத் தாளும் அதற்குரிய விடைக்குறிப்பும் அதிகாரபூர்வமாகவே கிடைக்கின்றன. பிறர் தட்டச்சு செய்த பிரதிகளில் அலகு மாறுவதும், படம் விடுபடுவதும், விடை தவறாக அச்சாவதும் சாதாரணம். ஒரு தவறான விடையைச் சரியென்று பழகிக்கொண்டால் அதை மறப்பதற்கு இரட்டிப்புப் பிரயாசை வேண்டும். கல்வி அமைச்சகமும் கான்பூர் ஐ.ஐ.டி.யும் நடத்தும் SATHEE என்ற இலவசத் தளத்திலும் மாதிரித் தேர்வுகள் உண்டு.

பழைய தாள்கள் எல்லாம் ஒரே அமைப்பில் இல்லை என்பதை முதலிலேயே கவனியுங்கள்.

* 2013 முதல் 2020 வரை: இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90, ஆக 180 வினாக்கள், மூன்று மணி நேரம்.
* 2021 முதல் 2024 வரை: மொத்தம் 200 வினாக்கள். இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் ஒவ்வொன்றிலும் அ பிரிவில் 35-ம், ஆ பிரிவில் 15-ம் இருக்கும். ஆ பிரிவில் பத்துக்கு விடை எழுதினால் போதும்.
* 2025 முதல்: மறுபடியும் 180 வினாக்கள், 180 நிமிடங்கள், விருப்பத் தேர்வு இல்லை.

இதனால் 2021 முதல் 2024 வரையிலான தாளை இன்றைய பரீட்சைக்குப் பழகும்போது, ஆ பிரிவில் முதல் பத்து வினாக்களை மட்டும் வைத்துக்கொண்டு மீதி ஐந்தை அடித்துவிடுங்கள். உங்களுக்கு எளிதான பத்தைத் தேர்ந்தெடுத்தால் இப்போது இல்லாத ஒரு சலுகையைப் பழகியவராவீர்கள்.

தாளைத் தயார் செய்யும் முறை

1. நடப்பு ஆண்டின் பாடத்திட்டத்தை இறக்கி, பழைய தாளோடு ஒருவர் ஒப்பிட வேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இருக்கலாகாது. அண்ணனோ அக்காவோ ஆசிரியரோ செய்யட்டும். தாள் உங்களுக்கு முன்பின் பாராததாக இருந்தால்தான் பரீட்சைக்கு நிகராகும்.
2. 2024-க்கான பாடத்திட்டத்தில் வேதியியலில் திண்மநிலை, புறப்பரப்பு வேதியியல், ஹைட்ரஜன் முதலியனவும், உயிரியலில் செரித்தலும் உட்கிரகித்தலும் முதலியனவும் நீக்கப்பட்டன. பழைய தாளில் நீக்கப்பட்ட பாடத்து வினா வந்தால் அதை அடித்து, வேறோர் ஆண்டுத் தாளிலிருந்து நீக்கப்படாத பாடத்து வினா ஒன்றை அந்த இடத்தில் ஒட்டச் சொல்லுங்கள்.
3. ஓ.எம்.ஆர். தாளின் மாதிரி ஒன்றை அச்சிட்டு, கறுப்புப் பால்பாயிண்ட் பேனாவால் வட்டங்களை நிரப்புங்கள். கைப்பேசித் திரையில் விரலால் தொட்டு விடை எழுதிப் பழகுவோர், மண்டபத்தில் 180 வட்டங்களை நிரப்ப ஆகும் நேரத்தை அறியாமல் கடைசிப் பத்து நிமிடத்தில் பதறுகிறார்கள். ஒருமுறை நிரப்பிய வட்டத்தை மாற்ற முடியாது என்பதையும் பழக்கத்திலேயே கொண்டுவாருங்கள்.
4. தமிழில் எழுதுபவராயின் இரு மொழியும் அச்சான தாளையே பயன்படுத்துங்கள். மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வாசகமே இறுதியானது என்பது விதி. 2018-இல் தமிழ்த் தாளில் 49 வினாக்களில் பிழை இருந்ததென்று வழக்கு வந்து, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 196 கருணை மதிப்பெண் தரச் சொல்லியும், உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்துச் செய்தது. ஆகவே தமிழ் வாசகம் பொருந்தவில்லை என்று தோன்றிய மறுகணமே ஆங்கில வாசகத்தைப் பார்ப்பதையும் அப்பியாசமாக்கிக்கொள்ள வேண்டும்.

5. எழுதும் நாள்

1. பிற்பகல் 2 மணிக்கு உட்கார்ந்து 5 மணிக்கு எழுங்கள். உண்மைப் பரீட்சையின் நேரம் அதுவே. மதிய உணவுக்குப்பின் வரும் மந்தமும் பயிற்சியின் ஒரு பகுதி.
2. கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும். சுவர்க் கடிகாரம் ஒன்று போதும்.
3. உயிரியலுக்கு 45 நிமிடம், வேதியியலுக்கு 50, இயற்பியலுக்கு 65 என்று தொடங்கிப் பாருங்கள். மீதி 20 நிமிடம் விட்டவற்றுக்கும் சரிபார்ப்பதற்கும். உங்கள் பலத்துக்கேற்ப இதை மாற்றலாம். பரீட்சைக்கு முந்தைய இரண்டு தாள்களில் மட்டும் மாற்றாதீர்கள்.
4. வினாப் புத்தகத்தின் ஓரத்தில் இரண்டு குறிகளைப் பயன்படுத்துங்கள்: உறுதியாகத் தெரிந்ததற்கு எதுவும் வேண்டாம், இரண்டு விருப்பங்களை நீக்கி ஊகித்ததற்கு "2", எதையும் நீக்க முடியாமல் குறித்ததற்கு "கு". அடுத்த பகுதி முழுவதும் இந்தக் குறிகளை நம்பியே நிற்கிறது.

6. திருத்துவது: ஓர் உதாரணம்

ஒரு மாணவி 160 வினாக்களுக்கு விடை எழுதி 20-ஐ விட்டுவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். சரியானவை 112, தவறானவை 48. சரியான விடைக்கு நான்கு மதிப்பெண், தவறுக்கு ஒன்று குறைப்பு என்ற கணக்கில் 448-இலிருந்து 48 போக, அவள் பெற்றது 400.

பெரும்பாலோர் இந்த எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த தாளுக்குப் போய்விடுவார்கள்; அதுவே பெரிய தவறு. அவள் 48 தவறுகளையும் மூன்றாகப் பிரித்தாள்.

* பாடம் தெரியாமல் வந்த தவறு, 19. இவற்றில் 11 மூன்றே பாடங்களைச் சேர்ந்தவை.
* தெரிந்தும் வந்த தவறு, 14. சென்டிமீட்டரை மீட்டராக மாற்றாதது, "சரியல்லாதது எது" என்பதைச் "சரியானது எது" என்று படித்தது, வட்டத்தை வரிசை மாற்றி நிரப்பியது.
* ஊகத்தால் வந்த தவறு, 15.

தெரிந்தும் வரும் தவறு ஒவ்வொன்றும் ஐந்து மதிப்பெண்ணைக் கொண்டுபோகிறது. வரவேண்டிய நான்கும் வராமல், உள்ளதில் ஒன்றும் போகிறது. பதினான்கு தவறுகளுக்கு 70. அதாவது ஒரு பாடமும் புதிதாகப் படிக்காமல், அலகு எழுதுவதையும் வினாவின் கடைசிச் சொல்லுக்குக் கோடிடுவதையும் பழகினாலே அவளுக்கு 470 கிடைக்க வழி இருக்கிறது.

ஊகத்தைப் பார்ப்போம். அவள் ஊகித்தவை மொத்தம் 20. "2" என்று குறித்த எட்டில் நான்கு சரி, நான்கு தவறு, லாபம் 12. "கு" என்று குறித்த பன்னிரண்டில் ஒன்று சரி, பதினொன்று தவறு, நஷ்டம் 7. நான்கில் ஒன்றைக் கண்மூடிக் குறித்தால் சராசரியாகக் கால் மதிப்பெண் கிடைக்கும் என்பது கணக்கு. ஆனால் பன்னிரண்டு வினா என்னும் சிறு தொகையில் சராசரி கைகொடுக்கும் என்று நம்புவதற்கில்லை. அவளுக்கு வேண்டிய விதி எளிது: இரண்டையாவது நீக்க முடிந்தால் குறிப்பது, இல்லாவிட்டால் அந்த நிமிடங்களைத் தெரிந்த வினாக்களைச் சரிபார்க்கச் செலவிடுவது.

இதே மாணவி இதே தாளை முன்னரே பார்த்துவிட்டு எழுதியிருந்தால் 600-கூட வந்திருக்கலாம். ஆனால் அந்த 600-இல் பலவீனமான மூன்று பாடங்களும், எழுபது மதிப்பெண் கவனக்குறைவும், பலன் தராத ஊகமும் மறைந்தே போயிருக்கும். அவை வெளிப்படும் இடம் முன்பாராத அடுத்த தாள், அதாவது உண்மைப் பரீட்சை.

7. தாள்கள் தீர்ந்துபோனால்

பழைய தாள்கள் எண்ணிக்கையில் குறைவு. ஒருமுறை எழுதிய தாள் மறுபடி முன்பாராததாக ஆகாது. ஆகையால் அண்மை ஆண்டுகளின் இரண்டு தாள்களைக் கடைசி மாதத்துக்கென்று உறையிட்டு ஒட்டிப் பெற்றோரிடம் கொடுத்துவிடுங்கள். இடைப்பட்ட வாரங்களுக்கு இரண்டு மாணவர்கள் சேர்ந்து கலப்புத் தாள் அமைத்துக்கொள்ளலாம்.

1. பாடத்திட்டத்தை இருவரும் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.
2. ஒவ்வொருவரும் தம் பகுதியிலிருந்து 45 வினாக்களை, வெவ்வேறு ஆண்டுத் தாள்களிலிருந்தும் என்.சி.இ.ஆர்.டி.யின் எக்ஸெம்ப்ளர் நூல்களிலிருந்தும் மாநிலப் பாடநூலின் பயிற்சிகளிலிருந்தும் எடுத்து, வரிசையைக் கலைத்து எழுதுங்கள். எக்ஸெம்ப்ளர் தமிழில் இல்லாததால், தமிழ்வழி மாணவர் மாநிலப் பாடநூலையே அதிகம் நம்பலாம். நீக்கப்பட்ட பாடங்கள் அதில் இன்னும் இருக்கக்கூடும் என்பதை மட்டும் மறவாதீர்கள்.
3. தாள்களை மாற்றிக்கொண்டு 45 நிமிடத்தில் எழுதுங்கள்.
4. விடையை எழுதியவர் அல்ல, வினாவை அமைத்தவரே திருத்தி, ஒவ்வொரு தவறுக்கும் காரணம் சொல்லட்டும். மூன்று தவறான விருப்பங்களையும் ஏன் தவறென்று விளக்க முயல்கிறவருக்கு அந்தப் பாடம் எளிதில் மறவாது.

குறிப்பு: முழுத் தாள் வாரத்துக்கு ஒன்று போதும். எழுத மூன்று மணி நேரம் ஆனால், ஆறாம் பகுதியில் சொன்னபடி பிரித்துப் பார்த்து, பலவீனமான பாடங்களை மறுபடி படிக்க இரண்டு நாட்களாவது வேண்டும். தவறுகளைப் பிரிக்காமல் நாளுக்கொரு தாள் எழுதுவோர், அதே பதினான்கு கவனக்குறைவை நாள்தோறும் திருப்பிப் பழகுகிறார்கள். பரீட்சைக்கு முந்தைய மூன்று நாட்களில் புதிய தாள் எதையும் தொடாதீர்கள். தவறுக் குறிப்பேட்டை மட்டும் படியுங்கள். தாள் விற்பவர்களின் செய்திகள் மும்முரமாக வரும் நாட்களும் அவையே ஆதலால், தெரியாத குழுக்களில் உங்களைப் பிறர் சேர்க்க முடியாதபடி வாட்ஸ்அப், டெலிகிராம் இரண்டின் அமைப்புகளையும் அதற்கு முந்தைய வாரமே மாற்றி வையுங்கள்.